உயிலும் பவர் பத்திரமும்: எது எந்த நாள் வரை செல்லும்?

"அப்பா எனக்கு பவர் எழுதிக் கொடுத்துவிட்டார், அப்புறம் உயில் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. "உயிலில் என் பெயர்தான் இருக்கிறது, அதனால் இப்போதே நான் கையெழுத்துப் போடலாம்தானே?" என்று நினைப்பவர்களும் உண்டு. இரண்டு கேள்விகளும் ஒரே குழப்பத்திலிருந்து வருகின்றன. இரண்டு தாள்களிலும் சொத்துக்காரர் கையெழுத்துப் போடுகிறார், தான் நம்பும் ஒருவரின் பெயரை எழுதுகிறார். ஆனால் அவர் உயிரோடு இருக்கும்போது செல்லுபடியாகும் தாள் வேறு, இறந்த பிறகு செல்லுபடியாகும் தாள் வேறு. நடுவில், உயிர் இருந்தும் புத்தித் தெளிவு இல்லாத ஒரு காலம் வரலாம். பெரும்பாலான தகராறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

கீழே சொல்லும் அடிப்படை, ஆங்கிலச் சட்ட மரபிலிருந்து வந்த பல நாடுகளுக்கும் பொதுவானது. சட்டப் பிரிவு சொல்லும் இடங்களில் எந்த நாட்டுச் சட்டம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பவர் பத்திரம்: இன்னொருவரின் கை

பவர் பத்திரம் என்பது "எனக்குப் பதிலாக நீ செய், நீ செய்தால் நான் செய்த மாதிரி" என்ற எழுத்து. கொடுப்பவரை 'பவர் கொடுத்தவர்' என்றும், வாங்குபவரை 'பவர் ஏஜென்ட்' என்றும் சொல்கிறோம். ஒரே ஒரு வேலைக்கு மட்டும் கொடுத்தால் அது தனி அதிகாரம். வங்கி, வாடகை, வழக்கு, விற்பனை என்று பலவற்றுக்கும் சேர்த்துக் கொடுத்தால் பொது அதிகாரம்.

இதனால் சொத்து கை மாறுவதில்லை. ஏஜென்ட் வீட்டை விற்றாலும் விற்றவர் பவர் கொடுத்தவர்தான், வந்த பணமும் அவருடையதே. ஏஜென்ட் அந்தப் பணத்தைத் தன் கணக்கில் கலக்கக் கூடாது, கணக்கு வைத்திருக்க வேண்டும், கேட்டால் காட்ட வேண்டும். பத்திரத்தில் வெளிப்படையாக எழுதாத அதிகாரத்தை ஊகித்துக்கொள்ளவும் முடியாது. வாடகை வசூலிக்கும் அதிகாரம் விற்கும் அதிகாரம் ஆகாது. விற்கும் அதிகாரம் தானமாகக் கொடுக்கும் அதிகாரம் ஆகாது. எவ்வளவு விரிவாக எழுதிய பவராக இருந்தாலும் ஒன்றை மட்டும் அதை வைத்துச் செய்ய முடியாது: அவருக்காக ஏஜென்ட் உயில் எழுத முடியாது.

உயில்: எழுதிய நாளில் தூங்கும் தாள்

உயில் எழுதியவர் கண்ணை மூடும் வரை அந்தத் தாள் யாருக்கும் எந்த உரிமையும் தராது. "வீடு மகளுக்கு" என்று எழுதி, பதிவும் செய்து, மகள் கையில் ஒரு நகலையும் கொடுத்துவிட்டாலும் சரி, மகளுக்கு அந்த வீட்டில் இன்று ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை. எழுதியவர் அந்த வீட்டை நாளைக்கே விற்கலாம், அடமானம் வைக்கலாம், உயிலையே மாற்றலாம். யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

பதிவு செய்ததால் உயில் மாற்ற முடியாததாகிவிடாது. இந்தியாவில் உயிலைப் பதிவு செய்வதே கட்டாயமில்லை. எழுதியவர் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் வேண்டும், அவ்வளவுதான். பதிவு செய்யாத பிந்தைய உயில், பதிவு செய்த முந்தைய உயிலை வெல்லும். அது உண்மையானது என்று நிரூபிக்க வேண்டியிருக்கும், அது வேறு விஷயம்.

உயிலை நடைமுறைப்படுத்த ஒருவரை அதிலேயே நியமிக்கலாம். அவர் நிறைவேற்றாளர். கடன்களைத் தீர்த்து, சொத்துகளைச் சேகரித்து, உரியவர்களிடம் ஒப்படைப்பது அவர் வேலை. எழுதியவர் இறந்ததும் பவர் ஏஜென்டின் அதிகாரம் முடிகிறது, அதே நொடியில் நிறைவேற்றாளரின் அதிகாரம் பிறக்கிறது. இரண்டு பேரும் ஒரே ஆளாக இருந்தாலும் அன்றிலிருந்து அவர் வேறு தொப்பி போட்டுக்கொண்டவர் என்றுதான் கணக்கு.

ஒரு குடும்பம், இரண்டு தாள்கள்

இதைக் கற்பனையான ஒரு குடும்பத்தை வைத்துப் பார்க்கலாம். கணவரை இழந்த ஓர் அம்மா. ஒரு மகள், ஒரு மகன். சொத்து என்றால் ஒரு வீடும், வங்கியில் பத்து லட்சமும். நடந்தவை இந்த வரிசையில்:

1. 2016: அம்மா உயில் எழுதுகிறார். வீடு மகளுக்கு, வங்கியில் உள்ள பணம் மகனுக்கு. நிறைவேற்றாளர் மகள்.
2. 2019: அம்மாவால் அலைய முடியவில்லை. மகனுக்குப் பொது பவர் கொடுக்கிறார். வங்கியை நடத்தவும், வீட்டை விற்கவும் அதில் அதிகாரம் உண்டு.
3. 2022 மார்ச்: மறதி நோய் முற்றி, பிள்ளைகளையே அடையாளம் தெரியவில்லை என்று மருத்துவர் குறிப்பு எழுதுகிறார்.
4. 2023 ஜனவரி 4: அம்மா இறக்கிறார்.

முதலில் ஒரு சாத்தியம். 2021இல், அம்மா தெளிவாக இருக்கும்போதே, மருத்துவச் செலவுக்காக மகன் வீட்டை விற்கிறார் என்று வையுங்கள். பவர் உயிரோடு இருக்கிறது, விற்கும் அதிகாரமும் எழுதியிருக்கிறது. விற்பனை செல்லும். செலவு போக மீதிப் பணம் அம்மாவின் வங்கிக் கணக்கில் கிடக்கிறது.

அம்மா இறந்ததும் உயிலைத் திறக்கிறார்கள். வீடு மகளுக்கு. ஆனால் வீடு இல்லை. இறக்கும் நாளில் தன்னிடம் இல்லாத பொருளை யாராலும் கொடுத்துவிட்டுப் போக முடியாது. குறிப்பிட்டுச் சொன்ன பொருள் அன்று இல்லையென்றால், அல்லது வேறு வடிவத்துக்கு மாறியிருந்தால், அந்தக் கொடை அற்றுப்போகிறது. இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925இன் 152ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது. "வீடு போனாலும் வீட்டுப் பணம் மகளுக்குத்தானே" என்று தோன்றும். அப்படி இல்லை. அந்தப் பணம் இப்போது வங்கியில் உள்ள பணம். உயில்படி வங்கியில் உள்ள பணம் மகனுக்கு!

ஆக, பவரைப் பயன்படுத்தியவரின் கைக்கே உயிலின் பலனும் வந்து சேர்கிறது. அம்மா நினைத்தது இது இல்லை. மகனும் நேர்மையாகவே செய்திருக்கலாம், மருத்துவமனைக்குப் பணம் கட்டத்தான் விற்றிருக்கலாம். பவரும் உயிலும் எழுதிய அம்மாவிடம் ஒரு தாள் இன்னொன்றை வெட்டும் என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். என் கருத்தில், விற்பனை அதிகாரத்தோடு பவர் கொடுக்கும் எவரும் அன்றே உயிலை எடுத்து ஒரு தடவை படித்துப் பார்க்க வேண்டும். "வீடு விற்கப்பட்டிருந்தால், விற்ற பணத்தில் மீதம் மகளுக்கு" என்று ஒரு வரி சேர்த்திருந்தால் இந்தச் சிக்கல் எழாது.

சில இடங்களில் இதற்குச் சட்டமே ஓரளவு வழி செய்திருக்கிறது. அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில், தெளிவிழந்தவரின் சொத்தை ஏஜென்ட் விற்றால், அந்தப் பொருள் யாருக்கு எழுதியிருந்ததோ அவருக்கு விற்ற தொகையைக் கேட்கும் உரிமை உண்டு. இங்கிலாந்தில், தெளிவிழந்தவருக்காக நீதிமன்றம் நியமித்தவர் விற்றால் ஏறக்குறைய இதே பாதுகாப்பு கிடைக்கிறது. இப்படி ஒரு விதி இல்லாத இடத்தில் உயிலில் எழுதியிருக்கும் அந்த ஒரு வரியை மட்டுமே நம்ப வேண்டும்.

புத்தித் தெளிவு போனால்

இப்போது இரண்டாவது சாத்தியம். மகன் 2022 ஆகஸ்டில், மருத்துவர் குறிப்பு எழுதி ஐந்து மாதம் கழித்து, வீட்டை விற்கிறார்.

சாதாரண பவரின் தத்துவம் எளிது: தானே செய்ய முடிந்ததை மட்டுமே இன்னொருவரை விட்டுச் செய்ய வைக்க முடியும். தானே ஒப்பந்தம் செய்யும் நிலையில் இல்லாதவரின் பெயரில் ஏஜென்டும் ஒப்பந்தம் செய்ய முடியாது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன் 201ஆவது பிரிவு, ஏஜென்சி முடியும் வழிகளைப் பட்டியலிடும்போது மரணத்தோடு சித்த சுவாதீனம் இழப்பதையும் சேர்த்தே சொல்கிறது. கொடுத்தவருக்கு நேர்ந்தாலும் சரி, ஏஜென்டுக்கு நேர்ந்தாலும் சரி.

பலரும் பவர் எழுதி வைப்பதே "நாளைக்கு எனக்கு முடியாமல் போனால்" என்ற பயத்தில்தான். அந்த நாள் வந்ததும் பவர் செத்துப்போகிறது என்றால் எதற்கு எழுதினோம்? நியாயமான கேள்விதான். இதற்காகத்தான் சில நாடுகள் வேறொரு வகையை உருவாக்கின. இங்கிலாந்தில் 1985இல் ஒரு சட்டம் வந்து, தெளிவு போன பிறகும் நீடிக்கும் அதிகாரப் பத்திரத்தை அனுமதித்தது. 2007 அக்டோபர் முதல் அதன் இடத்தில் புதிய வடிவம் வந்தது. அதைப் பயன்படுத்தும் முன் அரசின் பாதுகாவலர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். சிங்கப்பூரிலும் இதே மாதிரி உண்டு. அமெரிக்க மாநிலங்களிலும் நீடிக்கும் பவர் பழகிப்போன விஷயம்.

இந்தியாவில் சொத்துக்கு அப்படி ஒரு வகை சட்டத்தில் இல்லை. "எனக்குத் தெளிவு போனாலும் இது செல்லும்" என்று பத்திரத்தில் எழுதினால் மட்டும் 201ஆவது பிரிவைத் தாண்ட முடியாது. அந்த நிலை வந்தால் குடும்பம் நீதிமன்றத்துக்குப் போய்ப் பாதுகாவலர் நியமனம் கேட்க வேண்டும். நினைவிழந்து படுத்திருப்பவர்களின் குடும்பங்களுக்காக 2019இல் கேரள உயர் நீதிமன்றம் இதற்கு வழிமுறைகளை வகுத்துக் கொடுத்தது.

நடைமுறையில் என்ன நடக்கிறது? பவர் முடிந்துவிட்டது என்று யாரும் மணி அடித்துச் சொல்வதில்லை. வங்கிக்குத் தெரியாது, வீடு வாங்குபவருக்கும் தெரியாது. மகன் பாட்டுக்கு அதே பத்திரத்தைக் காட்டிக்கொண்டிருப்பார். பிறகு மகள் வழக்குப் போடும்போது, 2022 மார்ச் மாத மருத்துவர் குறிப்பும் ஆகஸ்ட் மாத விற்பனைத் தேதியும் பக்கத்துப் பக்கத்தில் வைக்கப்படும். அந்த விற்பனை ஆட்டம் காண்பது அங்கேதான்.

உயிலின் நிலை இதற்கு நேர்மாறு. எழுதிய அன்று தெளிவு இருந்தால் போதும். பின்னர் எத்தனை ஆண்டு மறதியில் கிடந்தாலும் 2016 உயில் அப்படியே நிற்கும். அம்மாவால் அதை மாற்றத்தான் முடியாது. தெளிவு போன பின் கை பிடித்துப் போட வைத்த புதிய உயில் நிற்காது, பழையதே செல்லும்.

எவ்வளவு தெளிவு வேண்டும் என்பதற்கு 1870இல் இங்கிலாந்தில் வந்த ஒரு தீர்ப்பைத்தான் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். பேங்க்ஸ் என்பவர், ஆவிகள் தன்னைத் துரத்துவதாகவும், செத்துப்போன ஓர் ஆள் தன்னைத் தொல்லை செய்வதாகவும் நம்பியவர். ஆனாலும் அவர் உயில் செல்லும் என்றது நீதிமன்றம். உயில் என்றால் என்ன, தன்னிடம் என்ன சொத்து இருக்கிறது, யாருக்கெல்லாம் தன்னிடம் எதிர்பார்ப்பு இருக்கும் என்பதெல்லாம் அவருக்குப் புரிந்திருந்தது. அந்தப் பிரமைகள் உயிலின் பங்கீட்டைத் தொடவில்லை. நோய்ப் பெயர் ஒன்று இருப்பதாலேயே உயில் விழுந்துவிடாது என்பதை இங்கே கவனிக்கலாம்.

இறந்த மறுநாள் காலையில்

மூன்றாவது சாத்தியம். அம்மாவுக்கு மறதி நோயே வரவில்லை, கடைசி நாள் வரை தெளிவாக இருந்தார், பவரும் அதுவரை உயிரோடு இருந்தது என்று வையுங்கள். ஜனவரி 5. அம்மாவின் கணக்கில் இருந்து மகன் இரண்டு லட்சம் எடுக்கிறார். அடக்கச் செலவுக்குத்தான். வீட்டில் யாரும் தப்பாக நினைக்கவில்லை. ஆனால் சட்டப்படி அந்தக் கையெழுத்துக்கு எந்த அதிகாரமும் இல்லை. பவர் முந்தின நாளோடு முடிந்தது, அது மகனுக்கே தெரியும். தெளிவு போனாலும் நீடிக்கும் வெளிநாட்டுப் பத்திரங்கள்கூட மரணத்தைத் தாண்டுவதில்லை.

செலவை யார் ஏற்பது என்பதற்கு நேரான வழி இருக்கிறது. இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் நியாயமான இறுதிச் சடங்குச் செலவு மற்ற கடன்களுக்கெல்லாம் முன்னால் தீர்க்கப்பட வேண்டியது. மகன் கைக்காசைப் போட்டு, ரசீதை வைத்துக்கொண்டு, பிறகு சொத்திலிருந்து கேட்டு வாங்கலாம்.

இறந்தது தெரியாமலே ஏஜென்ட் செய்தால்? மகன் தூரத்தில் இருக்கிறார், ஜனவரி 4 காலை அம்மாவின் மருந்துக் கடைப் பாக்கியைக் கணக்கிலிருந்து அனுப்புகிறார், சாயங்காலம்தான் செய்தி வருகிறது. இதற்கு ஒப்பந்தச் சட்டத்தின் 208ஆவது பிரிவு இரக்கம் காட்டுகிறது. ஏஜென்டைப் பொறுத்தவரை, அவருக்குத் தெரியவரும் வரை அதிகாரம் முடியாது. மூன்றாம் மனிதரைப் பொறுத்தவரை, அந்த மனிதருக்குத் தெரியவரும் வரை. அந்தப் பிரிவிலேயே இதுபோல ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது: கொடுத்தவர் இறந்தது தெரியாமல் ஏஜென்ட் கட்டிய பணத்தை, உயிலின் நிறைவேற்றாளர் பிறகு தப்பு என்று சொல்ல முடியாது.

அடுத்த பிரிவான 209 ஒரு கடமையையும் போடுகிறது. பவர் முடிந்துவிட்டது என்று ஏஜென்ட் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுப் போகக் கூடாது. தன் பொறுப்பில் இருப்பதைப் பாதுகாக்க நியாயமான நடவடிக்கை எடுக்க வேண்டும். வீட்டைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொள்வது, பத்திரங்களைப் பத்திரப்படுத்துவது, கணக்கை நிறைவேற்றாளரான மகளிடம் ஒப்படைப்பது போன்றவை இதில் வரும். விற்பதும் எடுப்பதும் வராது.

உயிரோடு இருக்கும்போதே முடிக்க

பவரைக் கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். ஆனால் ரத்துப் பத்திரம் எழுதி பீரோவில் வைத்தால் பலன் இல்லை. மேலே சொன்ன அதே 208ஆவது பிரிவு இங்கே எதிர்ப்பக்கம் திரும்பும்: தெரியாதவருக்கு ரத்து ரத்தே இல்லை. அதனால் மூன்று வேலை உண்டு.

1. ஏஜென்டுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அது போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி வேண்டும்.
2. பவரைப் பதிவு செய்திருந்தால் ரத்தையும் பதிவு செய்ய வேண்டும். வங்கி, வாடகைதாரர் என்று யாரிடமெல்லாம் அந்தப் பவரைக் காட்டினாரோ அவர்களுக்கும் சொல்ல வேண்டும்.
3. அசல் பத்திரத்தைத் திரும்ப வாங்க வேண்டும். கொடுக்க மறுத்தால் அந்த மறுப்பே ஓர் எச்சரிக்கை.

உயிலை ரத்து செய்ய இவ்வளவு பாடு இல்லை. புதிதாக எழுதி, பழையதை ரத்து செய்வதாக ஒரு வரி சேர்த்தால் போதும். ரத்து செய்யும் எண்ணத்தோடு எழுதியவரே கிழித்துப் போட்டாலும் ரத்துதான். யாருக்கும் தெரிவிக்க வேண்டியதில்லை, ஏனென்றால் யாருக்கும் இன்னும் எதுவும் சேரவில்லை.

பவரையும் உயிலையும் சேர்த்து 'வாங்கிய' வீடு

கிரயப் பத்திரம் போடாமல் வீடு வாங்க இந்தியாவில் ஒரு குறுக்கு வழி வெகுகாலம் நடந்தது. விற்பவர் முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, விற்பனை ஒப்பந்தம் ஒன்றும், வாங்குபவர் பெயருக்குப் பொது பவர் ஒன்றும், அவர் பெயருக்கே ஓர் உயிலும் எழுதிக் கொடுப்பார். கணக்கு இதுதான்: நான் இருக்கும் வரை பவரை வைத்து நீ ஆளு, நான் போனால் உயிலை வைத்து உனக்கே.

பார்க்க ஓட்டையே இல்லாத ஏற்பாடு மாதிரி இருக்கும். இதுவரை படித்தவர்களுக்கு ஓட்டை தெரிந்திருக்கும். விற்றவர் உயிரோடு இருக்கும்போது நாளைக்கே வேறு ஓர் உயில் எழுதலாம், முதல் உயிலில் பெயர் இருந்தவருக்கு அது தெரியக்கூட வராது. பவரை ரத்து செய்யலாம். இறந்தால் பவர் போய்விடும், கையில் இருப்பது கடைசி உயில்தானா என்ற கேள்வி வாரிசுகளிடமிருந்து வரும். ஒரு தாள் விட்ட இடத்தை மற்றது பிடிக்கும் என்று நம்பினால், இரண்டும் ஒருவரின் மனமாற்றத்தையே நம்பி நிற்கின்றன. 2011 அக்டோபர் 11 அன்று உச்ச நீதிமன்றம் சூரஜ் லேம்ப் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: இப்படிப்பட்ட பவரும் உயிலும் சொத்துரிமையை மாற்றாது, பதிவு செய்த கிரயப் பத்திரம்தான் மாற்றும்.

"இது ரத்து செய்ய முடியாத பவர் என்று எழுதியிருக்கிறதே" என்று சிலர் காட்டுவார்கள். அந்த வார்த்தை மட்டும் போதாது. ஒப்பந்தச் சட்டத்தின் 202ஆவது பிரிவு ஒரு விலக்கு தருகிறது: பவரின் பொருளான சொத்தில் ஏஜென்டுக்கே சொந்தமாக ஓர் உரிமை இருந்தால், அந்த உரிமைக்குக் கேடு வரும்படி பவரை முடிக்க முடியாது. சட்டம் தரும் உதாரணம், கடன் கொடுத்தவருக்கு "என் நிலத்தை விற்று உன் கடனை எடுத்துக்கொள்" என்று கொடுத்த பவர். அது கொடுத்தவர் இறந்தாலும் முடியாது. பெற்ற பிள்ளைக்கு வங்கி வேலைக்காகக் கொடுத்த பவருக்கு இது பொருந்தாது.

பவர் ஏஜென்டிடமிருந்து வீடு வாங்கப் போகிறவர், பத்திரத்தின் தேதியை விட ஒரு விஷயத்தை முதலில் கேட்க வேண்டும்: கொடுத்தவர் இன்று இருக்கிறாரா, அவரிடம் நேரில் பேச முடியுமா? உயிரோடு இருப்பதற்கான அண்மைச் சான்று ஒன்று வேண்டும். அதோடு அவரிடமே ஐந்து நிமிடம் பேசி, எந்த வீடு, என்ன விலை, யாருக்குப் பவர் என்று கேட்டுப் பார்க்கலாம். "அம்மா தூங்குகிறார்கள், உடம்பு சரியில்லை, பேச முடியாது" என்ற பதில் மூன்றாவது தடவையும் வந்தால், முன்பணத்தை பையிலேயே வைத்துக்கொள்ளலாம்.